ஊசியை எண்ணுவதா, சினையை எண்ணுவதா? ஒரு கால்நடை அலுவலகத்தில் இலக்கும் மீளாய்வும்

கேள்வி: யாழ்ப்பாணத்தில் கால்நடைத் திணைக்களத்தின் ஒரு பிரிவு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். பயிற்சியில் குறிக்கோள்வழி முகாமைத்துவம், பெறுபேறுவழி முகாமைத்துவம் என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்தார்கள். எங்களிடம் ஏற்கெனவே இலக்கு இருக்கிறது, மாதாமாதம் முன்னேற்றக் கூட்டமும் இருக்கிறது, 100 வீதத்துக்கு மேலேதான் காட்டுகிறோம். ஆனால் பண்ணையாளரைக் கேட்டால் ஒன்றும் மாறவில்லை என்கிறார்கள். பெரிய மென்பொருள், ஆலோசகர் எல்லாம் இல்லாமல் இதை உண்மையாகச் செய்ய வழி இருக்கிறதா?

பதில்:

இருக்கிறது. ஒரு கொப்பியும் தொலைபேசியும் போதும். ஆனால் எதை எண்ணுகிறீர்கள் என்பதை மாற்ற வேண்டும். கூட்டத்தில் அந்த எண்ணை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதும் மாற வேண்டும். உங்கள் அலுவலகத்தின் எல்லா வேலையையும் எடுத்தால் குழம்பும். செயற்கைமுறைச் சினைப்படுத்தல் ஒன்றை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். அது பிடிபட்டால் தடுப்பூசி, புல் நடுகை எல்லாவற்றுக்கும் நீங்களே போட்டுக்கொள்வீர்கள்.

இப்போதைய இலக்கு எப்படி இருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. பிரிவுக்கு மாதம் 120 சினைப்படுத்தல், செய்தது 130, முன்னேற்றம் 108 வீதம். இந்த எண்ணில் பொய் எதுவும் இல்லை. விந்துக் குச்சி எடுக்கப்பட்டது, மாட்டுக்குப் போடப்பட்டது, பதிவேட்டில் ஏறியது. ஆனால் பண்ணையாளருக்கு வேண்டியது சினை ஊசி அல்ல, கன்று. அதே மாட்டுக்கு மூன்று முறை போட வேண்டி வந்தால் உங்கள் அறிக்கையில் மூன்று ஏறும். அவருக்கோ இரண்டு வேட்கைச் சுற்று, அதாவது 42 நாள், சும்மா தீனி போட்ட செலவு. வேலை எவ்வளவு மோசமாகப் போகிறதோ அவ்வளவுக்கு உங்கள் முன்னேற்ற வீதம் கூடும் என்பதுதான் இந்த இலக்கின் விசித்திரம். சினை பிடிக்காத மாடுகள்தான் உங்கள் 108 வீதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

வகுப்பில் சொன்ன இரண்டு பெயரையும் இந்த இடத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். குறிக்கோள்வழி முகாமைத்துவத்தைப் பீற்றர் ட்ரக்கர் 1954இல் எழுதியபோது அதனோடு சுயகட்டுப்பாடு என்ற சொல்லையும் சேர்த்தே எழுதினார். மேலதிகாரியும் கீழுள்ளவரும் உட்கார்ந்து பேசி இலக்கை முடிவு செய்வது. பிறகு அளவீடு முதலில் வேலை செய்பவர் கைக்குப் போவது, அவரே பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக. நம் அலுவலகங்களில் முதற்பாதி மட்டும், அதுவும் பேசாமல், கடிதமாக வந்து சேர்ந்தது. பெறுபேறுவழி முகாமைத்துவம் கேட்பது இன்னொரு கேள்வி: நீங்கள் செய்த வேலையால் வெளியே யாருக்கு என்ன மாறியது? முதலாவது யார் பொறுப்பு என்பதைத் தீர்க்கிறது. இரண்டாவது எதற்குப் பொறுப்பு என்பதைத் தீர்க்கிறது. ஒன்றில்லாமல் மற்றது நொண்டும்.

சரி, இலக்கை எங்கே வைப்பது? உங்கள் வேலையின் சங்கிலி இப்படிப் போகிறது: குச்சியும் திரவ நைதரசனும் வருகின்றன, உத்தியோகத்தர் மாட்டுக்குப் போடுகிறார், மாடு சினைப்படுகிறது, கன்று ஈனுகிறது, நாகு வளர்ந்து கறக்கிறது, வீட்டு வருமானம் கூடுகிறது. பயிற்சிக்குப் போய்வந்த உற்சாகத்தில் பலர் செய்வது, ஒரேயடியாகச் சங்கிலியின் கடைசிக்குத் தாவி “பிரிவின் பால் உற்பத்தியை 15 வீதத்தால் உயர்த்துதல்” என்று எழுதிவிடுவது. பால் கூடுவதும் குறைவதும் மழை, புல், தவிட்டு விலை, கொள்வனவு விலை, பண்ணையாளர் நாகை விற்கிறாரா வைத்திருக்கிறாரா என்று பல விடயங்களில் தொங்கும். சினைப்படுத்தும் உத்தியோகத்தர் அதற்கு எப்படிப் பதில் சொல்வார்? கூடினால் தன்னால் என்பார், குறைந்தால் மழையால் என்பார். இரண்டையும் மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஆகவே இலக்கைச் செய்பவரின் கைச்செயலுக்கு ஒரு படி அப்பால் மட்டும் வையுங்கள். இங்கே அந்தப் படி, பரிசோதித்து உறுதிப்படுத்திய சினை. அது முழுக்க அவர் கையில் இல்லை. முழுக்க அவருக்கு வெளியேயும் இல்லை. கன்று எண்ணிக்கையையும் பாலையும் திணைக்களம் கவனித்து எழுதிக்கொண்டு வரட்டும். தனியாள் இலக்காக அவற்றை ஆக்க வேண்டாம்.

கன்றை ஏன் இலக்காக வைக்க முடியாது என்பதற்கு இன்னொரு காரணம் நாட்காட்டி. பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். ஜனவரி நடுப்பகுதியில் போட்டால் கன்று ஒக்டோபர் கடைசியில். மார்ச் மாதம் முடிந்த பிறகு போட்ட எதுவும் அந்த ஆண்டு டிசம்பருக்குள் கன்றாக வராது. அதாவது இந்த ஆண்டு பிறக்கும் கன்றுகள் கிட்டத்தட்டச் சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் இந்த ஆண்டு மார்ச் வரை செய்த வேலையின் பலன். நமது வரவு செலவோ ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் மூடுகிறது. இந்த ஆண்டின் சினைப்படுத்தலையும் இந்த ஆண்டின் கன்றையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் வைத்து வீதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை கூடிக்கொண்டு போகும் ஆண்டில் அந்த வீதம் வீணாகக் குறைந்து தெரியும், வேலை குறையும் ஆண்டில் அழகாகத் தெரியும். சினைப் பரிசோதனையைக் கால்நடை வைத்தியர் மூன்றாம் மாதத்தில் கையால் செய்துவிடலாம். ஜனவரி முதல் செப்டெம்பர் வரை செய்த வேலையின் பலன் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே கையில் இருக்கும். ஆண்டுக்குள் அடங்குகிற, நம்பக்கூடிய எண் அதுதான்.

இதற்குப் பதிவேட்டில் சில நிரல்கள் கூட வேண்டும். மாட்டின் காதிலக்கம், உரிமையாளரின் தொலைபேசி இலக்கம், குச்சியில் உள்ள காளை இலக்கம் ஏற்கெனவே இருக்கும். இனிச் சேர்க்க வேண்டியவை: பண்ணையாளர் வேட்கையைக் கண்ட நேரம், ஊசி போட்ட நேரம், முதல் தடவையா திரும்பவா, 21ஆம் நாள் அழைப்பின் பதில், மூன்றாம் மாதப் பரிசோதனை முடிவு. அவ்வளவுதான்.

21ஆம் நாள் அழைப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாடு மறுபடி கத்தவில்லை என்றால் சினை என்று எழுதிவிடுவார்கள். அது சினை அல்ல, மறுபடி வரவில்லை என்பது மட்டும்தான். சில மாடு சத்தமில்லாமல் வேட்கைக்கு வரும், சில வீட்டில் கவனிக்க ஆள் இருக்காது, சில இடத்தில் பக்கத்து வளவு நாம்பன் வேலையை முடித்துவிட்டிருக்கும். 21ஆம் நாள் எண் எப்போதும் உண்மையைவிட உயரமாக இருக்கும். அதைத் தொடரும் அழைப்புக்குப் பயன்படுத்துங்கள், அறிக்கைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இனி ஒரு பிரிவைக் கற்பனையாக எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் என்னுடையவை, ஆனால் இப்படியான படத்தை எந்தப் பிரிவிலும் எதிர்பார்க்கலாம். நான்கு உத்தியோகத்தர்கள். ஜனவரி முதல் மார்ச் வரை 390 சினைப்படுத்தல். ஜூலையில் உட்கார்ந்து பார்க்கிறோம், அதற்குள் எல்லா மாட்டுக்கும் மூன்று மாதம் தாண்டிவிட்டது. 117 மாடு சினை. 156 சினை இல்லை. மிச்சம் 117 மாட்டைப் பற்றித் தகவல் இல்லை: விற்றுவிட்டார்கள், தொலைபேசி வேலை செய்யவில்லை, போய்ப் பார்க்கவில்லை.

இங்கே முதல் தடுமாற்றம் வரும். பரிசோதித்த 273இல் 117 என்றால் 43 வீதம். போட்ட 390இல் 117 என்றால் 30 வீதம். எதை எழுதுவது? இரண்டையும் எழுதுங்கள். தகவல் இல்லாதது 30 வீதம் என்பதையும் மூன்றாவதாக எழுதுங்கள். 43ஐ மட்டும் எழுத அனுமதித்தால் அடுத்த காலாண்டில் சினைப்படாத மாடுகள் எல்லாம் “தகவல் இல்லை” பெட்டிக்குள் போய்விடும், வீதம் 60ஐத் தொடும். யாரும் பொய் எழுதியிருக்க மாட்டார்கள், போய்ப் பார்க்காமல் விட்டிருப்பார்கள், அவ்வளவுதான். அதனால் முதல் ஆறு மாதத்துக்கு இலக்கே இதுவாக இருக்கலாம்: தகவல் இல்லாதவற்றை 30இல் இருந்து 10 வீதத்துக்குள் கொண்டுவருவது. பார்க்க ஏதோ எழுதுவினைஞர் வேலை போல இருக்கும். ஆனால் அது முடியாமல் மேலே கட்டுகிற எதுவும் நிற்காது.

வீதத்தின் கீழ் எண்ணும், அதாவது மொத்தம் எத்தனை போட்டது என்பதும், உத்தியோகத்தரின் வாயில் இருந்து வரக்கூடாது. நைதரசன் கொள்கலனில் இருந்து எத்தனை குச்சி வெளியே போனது, எத்தனை உடைந்தது, எத்தனை மீதம் என்பது களஞ்சியப் பதிவேட்டில் இருக்கிறது. அதுதான் கீழ் எண். இல்லாவிட்டால் சினை பிடித்த மாட்டை மட்டும் பின்திகதியிட்டுப் பதியும் வழக்கம் மெல்ல வந்துவிடும். மாத முடிவில் குச்சிக் கணக்கும் சினைப்படுத்தல் பதிவேடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க அதிக நேரம் எடுக்காது.

இப்போது ஆள்வாரியாகப் பிரிக்கிறோம். முதலாமவர் பரிசோதிக்கப்பட்ட 96இல் 48 சினை, 50 வீதம். இரண்டாமவர் 80இல் 38, 48 வீதம். மூன்றாமவர் 55இல் 12, 22 வீதம். நான்காமவர் 42இல் 19, 45 வீதம். வழமையான முன்னேற்றக் கூட்டத்தில் இந்த இடத்தில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மூன்றாமவரை எழுப்பி நிறுத்திக் காரணம் கேட்பார்கள், அவர் தலையைக் குனிந்துகொண்டு “அடுத்த காலாண்டில் கூட்டுவேன் சேர்” என்பார், எல்லோரும் தேநீர் குடிக்கப் போவார்கள். அடுத்த காலாண்டில் அவர் கூட்டியும் விடுவார், எப்படி என்று கேட்கக்கூடாது.

மீளாய்வு என்பது அந்த 22ஐத் திறந்து பார்ப்பது. பார்க்கும் ஒழுங்கு ஒன்று இருக்கிறது. எல்லா உத்தியோகத்தருக்கும் ஒரே காலத்தில் வீதம் விழுந்திருந்தால் ஆளைப் பார்க்காதீர்கள், கொள்கலனைப் பாருங்கள். நைதரசன் மட்டம் இறங்கி, மைனஸ் 196 பாகையில் இருக்க வேண்டிய குச்சி ஒரு தடவை இளகி மறுபடி உறைந்திருந்தால் அதற்குப் பிறகு யார் போட்டும் பயனில்லை. கொள்கலனுக்குள் அளவுகோல் விட்டுப் பார்த்து எழுதிய திகதிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். ஒரு காளை இலக்கத்தில் மட்டும் குறைவு என்றால் விந்து தயாரிக்கும் குண்டசாலை நிலையத்துக்கு எழுத வேண்டிய விடயம். திரும்பத் திரும்பப் போட்ட மாடுகளில் மட்டும் குறைவு என்றால் நோய் அல்லது தீனிக் குறைபாடு, வைத்தியர் பார்க்க வேண்டும். ஒரே ஆளிடம், எல்லாக் கிராமத்திலும், எல்லா நேரத்திலும் குறைவு என்றால் அப்போதுதான் கைப்பழக்கம்: குச்சியை இளக்கும் வெந்நீரின் சூடு, போடும் இடம். அவரை இரண்டு கிழமை இன்னொருவரோடு அனுப்பினால் தெரிந்துவிடும். ஒரே ஆளிடம், ஆனால் சில கிராமத்தில் அல்லது சில நேரத்தில் மட்டும் என்றால் அது வேறு கதை.

நமது மூன்றாமவரின் 55ஐ நேரத்தை வைத்துப் பிரித்தோம் என்று வையுங்கள். வேட்கை கண்டு சுமார் 12 மணித்தியாலத்துக்குள் போட்டது 18, அதில் சினை 8, அதாவது 44 வீதம். அதற்குப் பிந்திப் போட்டது அல்லது நேரமே எழுதாதது 37, அதில் சினை 4, அதாவது 11 வீதம். நேரத்துக்குப் போன இடத்தில் அவர் மற்ற மூவருக்கும் பெரிதாகக் குறைந்தவர் இல்லை. கை நல்ல கைதான், நேரம்தான் பிழைக்கிறது.

இதன் பின்னால் உள்ள உடலியல் எல்லாச் சினைப்படுத்துநருக்கும் தெரிந்ததே: காலையில் கத்தினால் மாலையில், மாலையில் கத்தினால் அடுத்த நாள் காலையில். முட்டை வெளிவருவது வேட்கை அடங்கி ஏறக்குறைய 10 முதல் 12 மணித்தியாலத்தில். வெளிவந்த முட்டை சில மணித்தியாலம்தான் தாங்கும். அடுத்த நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தால் ஊசி போடலாம், பதியலாம், 108 வீதத்தில் சேர்க்கலாம். சினைதான் இராது.

ஏன் பிந்துகிறது? அவர் பார்ப்பது தீவகம். பண்ணையாளர் அலுவலகத்துக்கு அழைக்கிறார், அலுவலகம் திறப்பது எட்டரைக்கு. உத்தியோகத்தர் வந்து கையெழுத்து வைத்து, பிரதான கொள்கலனில் இருந்து குச்சியும் நைதரசனும் எடுத்து, பாலம் தாண்டி இறங்கும்போது பத்தரை. முந்தின நாள் மாலை ஐந்துக்குக் கத்திய மாட்டுக்கு ஏற்கெனவே 17 மணித்தியாலம் ஆகிவிட்டது. இதில் மூன்றாமவர் தானாக மாற்றக்கூடியது எது? ஒன்றும் பெரிதாக இல்லை. கையெழுத்து இடத்தை மாற்றுவது, தீவகத்துக்குள்ளேயே ஓர் அரச கட்டடத்தில் சிறிய கொள்கலன் வைப்பது, பண்ணையாளர் நேராக அவரது தொலைபேசிக்கு அழைக்க ஏற்பாடு செய்வது, எரிபொருள் கொடுப்பனவைத் தூரத்துக்கு ஏற்பத் திருத்துவது, இவை எல்லாம் மேலதிகாரியின் மேசையில் இருப்பவை.

குறிக்கோள்வழி முகாமைத்துவம் இரண்டு பக்க ஒப்பந்தம் என்று சொல்வது இதனால்தான். மூன்றாமவரின் இலக்குத் தாளில் அவர் செய்வது இடப்பக்கம் என்றால், கொள்கலன் எந்தத் திகதிக்குள், கையெழுத்து அனுமதி எந்தத் திகதிக்குள் என்பது வலப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கத்தின் கீழ் பொறுப்பதிகாரியின் பெயர் இருக்க வேண்டும். வலப்பக்கம் நடக்காவிட்டால் இடப்பக்கத்தைக் கேட்கக்கூடாது. நான் பார்த்த இலக்குத் தாள்கள் பெரும்பாலும் ஒரு பக்கத்தாள்கள்.

இலக்கு எவ்வளவு என்பதையும் கணக்கே சொல்லட்டும். மற்றவர்களுக்கு 48, ஆகவே உங்களுக்கும் 48 என்று எழுதுவது சுலபம், ஆனால் அடிப்படை இல்லாதது. இப்போது 55இல் 18, அதாவது மூன்றில் ஒன்று நேரத்துக்குப் போகிறது. கொள்கலனும் நேரடி அழைப்பும் வந்தால் இரண்டு காலாண்டில் 70 வீதம் நேரத்துக்குப் போகலாம் என்று அவரும் நீங்களும் பேசி ஒப்புக்கொள்கிறீர்கள். 70 வீதத்தில் 44, மிச்சம் 30 வீதத்தில் 11 என்று போட்டால் மொத்தம் 34 வீதம். அதுதான் இலக்கு. 22இல் இருந்து 34. அவரே கணக்கைப் போட்டுப் பார்த்திருப்பதால் மனதில் ஏற்றுக்கொள்வார். பிரிவின் மொத்த வீதம் இதனால் 43இல் இருந்து 45க்குத்தான் போகும். மாவட்ட அறிக்கையில் யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். சராசரி எண் எதையெல்லாம் மூடி வைக்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

ஒரு தாளில் மூன்று இலக்குக்கு மேல் வைக்காதீர்கள். மூன்றாமவருக்கு: நேரத்துக்குப் போட்டது 70 வீதம், உறுதிப்பட்ட சினை 34 வீதம், தகவல் இல்லாதது 10 வீதத்துக்குள். ஊசி எண்ணிக்கை தாளின் அடியில் ஒரு தகவலாக இருக்கட்டும். அதை முற்றாக நீக்கவும் முடியாது. மாகாணப் பணிப்பாளருக்குப் போகும் படிவம் அதைக் கேட்கும், கணக்காய்வும் பௌதிக முன்னேற்றம் என்று அதையே தேடும். மேலே போகும் படிவத்தை மாற்றக் காத்திருந்தால் ஓய்வுபெறும் வரை காத்திருக்க வேண்டியதுதான். படிவம் போகிறபடி போகட்டும், உங்கள் பிரிவுக்குள் எதைப் பார்த்து முடிவெடுக்கிறீர்கள் என்பது உங்கள் கையில் இருக்கிறது.

சின்ன எண்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இங்கேதான் நல்ல மனதோடு தொடங்கியவர்களும் வழி தவறுகிறார்கள். ஓர் உத்தியோகத்தர் மாதம் 30 மாட்டுக்குப் போடுகிறார், அவரது உண்மையான திறன் 45 வீதம் என்று வையுங்கள். சராசரியாக 13 அல்லது 14 சினைப்படும். ஆனால் ஒன்றும் மாறாமலே ஒரு மாதம் 10, இன்னொரு மாதம் 17 என்று வரும். அது வெறும் தற்செயல். 10 வந்த மாதம் விளக்கக் கடிதமும் 17 வந்த மாதம் பாராட்டும் கொடுத்தால், நீங்கள் தற்செயலுக்குத் தண்டனையும் பரிசும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவர்களுக்கும் அது விரைவில் விளங்கிவிடும். சினை வீதத்தைக் காலாண்டாகச் சேர்த்துத்தான் பாருங்கள். மாதாந்தக் கூட்டத்தில் பார்க்க வேண்டியது உடனடியாகத் தெரியும் விடயங்கள்: நேரத்துக்குப் போனது எத்தனை, 21ஆம் நாள் அழைப்பு எடுத்தது எத்தனை, கொள்கலன் மட்டம், குச்சிக் கணக்கு. மூன்றாமவரின் 12ஐயும் 55ஐயும் நாம் பொருட்படுத்தியது அது காலாண்டு எண் என்பதால்தான். மற்றவர்களைப் போல இருந்திருந்தால் 26 அளவில் வந்திருக்க வேண்டும், 12 என்பது தற்செயலுக்கு மிகத் தொலைவு.

கூட்டத்தின் வடிவம் மாற வேண்டும் என்றேன். மாதாந்தக் கூட்டத்துக்கு அரை மணித்தியாலம், பதிவேடு மேசையில் திறந்திருக்க. திரையில் படம் போட்டு எண்களை வாசிப்பது வேண்டாம், வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு ஏன் வாசித்துக் காட்ட வேண்டும்? எண்கள் மூன்று நாளுக்கு முன்பே அவரவர் கைக்குப் போயிருக்க வேண்டும். முதலில் எடுப்பது சென்ற மாதத்து முடிவுத்தாள்: கொள்கலன் வந்ததா, அனுமதி வந்ததா, யார் செய்யவில்லை. அதிகாரி தன் வாக்குறுதிக்கு முதலில் பதில் சொன்னால், மற்றவர்கள் தங்கள் எண்ணைப் பற்றி நேராகப் பேசத் தொடங்குவார்கள். அப்புறம் இலக்கில் இருந்து அதிகம் விலகிய ஒரு விடயத்தை மட்டும் எடுத்துத் திறந்து பார்ப்பது. எல்லாவற்றையும் பேசினால் எதிலும் முடிவு வராது. கடைசியில் ஒரு பக்கத்தில் என்ன, யார், எந்தத் திகதி. அந்தத் தாள் இல்லாத கூட்டத்தை மீளாய்வு என்று நான் எண்ணுவதில்லை.

சரிபார்ப்பு என்றால் சந்தேகப்படுவதாகப் பலர் எடுத்துக்கொள்வார்கள், முதல் நாளே சொல்லிவிடுங்கள் இது எல்லோருக்கும் என்று. சினைப் பரிசோதனையை ஊசி போட்டவரே செய்து பதியக்கூடாது, வைத்தியர் செய்ய வேண்டும். மாதம் 130 மாட்டையும் அவர் போய்ப் பார்க்க முடியாது என்பது உண்மை. பதிவேட்டில் ஒவ்வொரு மூன்றாவது பதிவையும் எடுத்துக் கிராமம் கிராமமாக அடுக்கி, தடுப்பூசிக்கோ சிகிச்சைக்கோ போகும் நாளோடு சேர்த்தால் மாதம் 43 அளவில் வரும், செய்யக்கூடியது. எதைப் பார்ப்பது என்பதை ஊசி போட்டவர் தெரிவு செய்யாத வரைக்கும் மூன்றில் ஒன்று போதும். ஒரு குறை: ஆள்வாரியாகப் பார்க்கும்போது எண் சிறுத்துவிடும், ஆகவே அப்போது இரண்டு காலாண்டைச் சேர்த்துப் பார்க்க வேண்டி வரும். இந்த வழியில் போனால் தகவல் இல்லாதவற்றின் வீதத்தையும் தெரிவான பதிவுகளுக்குள்ளேயே கணக்கிடுங்கள். பிரிவு வைத்தியர் இன்னும் சில வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, யார் வந்தார், எப்போது வந்தார் என்று கேட்டால் நேர நிரலும் ஒழுங்காக எழுதப்படும்.

புதிய இலக்கிலும் விளையாடுவார்கள், அதை எதிர்பாருங்கள். சினை வீதம்தான் எண் என்று தெரிந்தவுடன், கஷ்டமான மாடுகளை விட்டுவிடும் ஆசை வரும். இரண்டு முறை பிடிக்காத மாட்டைக் கூப்பிட்டால் “வைத்தியரிடம் காட்டுங்கோ” என்று தட்டிக்கழிப்பது, தூரத்து வீட்டுக்குப் போகாமல் விடுவது. வீதம் ஏறும், சேவை சுருங்கும். இதைப் பிடிக்க வழி, வந்த அழைப்புகளையும் ஒரு கொப்பியில் எழுதுவது. 40 அழைப்பு வந்து 25 மாட்டுக்குத்தான் போட்டிருந்தால், மிச்சம் 15 என்னவாயிற்று என்று கேட்கலாம். முதல் தடவையையும் திரும்பப் போட்டதையும் தனித்தனியாக வீதம் போட்டால் இந்த ஆசைக்கே காரணம் குறையும்.

இந்த எண்ணைச் சம்பள ஏற்றத்தோடு கட்டலாமா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். என் கருத்து, கூடாது. வருடாந்த மதிப்பீட்டுப் படிவத்தில் இலக்கைப் பற்றி ஒரு வரி எழுதலாம், ஆனால் அந்த வரியில் எழுத வேண்டியது பதிவேடு ஒழுங்காக இருக்கிறதா, முடிவுத்தாளில் ஏற்றுக்கொண்டதைச் செய்தாரா என்பது. சினை வீதத்தைச் சம்பளத்தோடு கட்டிய மறுநாள் உங்கள் பதிவேடு பேசுவதை நிறுத்திவிடும்.

வெளிக்காரணங்களையும் நேர்மையாக எழுதும் இடம் ஒன்று வேண்டும். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற மாதங்களில் எந்த உத்தியோகத்தரால் நேரத்துக்குப் போயிருக்க முடியும்? அப்படியான காலாண்டில் இலக்கைக் குறைத்து எழுதி 100 காட்டுவதைவிட, இலக்கை அப்படியே வைத்து, அடைந்தது 40 என்று எழுதி, பக்கத்தில் காரணத்தை எழுதுவது நல்லது. பிறகு திரும்பிப் பார்ப்பவருக்கு அந்த 40 ஏதாவது சொல்லும், திருத்தி எழுதிய 100 ஒன்றும் சொல்லாது. மாரிக்காலத்தில் வெள்ளம் நிற்கும் கிராமங்களுக்கும் இதே விதிதான்.

இடமாற்றம் இன்னொரு தலையிடி. மூன்றாமவர் ஜனவரியில் மாறிப் போனால் அவர் ஒக்டோபரில் போட்ட ஊசியின் பலனை அவருக்குப் பின் வந்தவர் சுமப்பார். ஆகவே இலக்கைப் பதவிக்கு எழுதுங்கள், ஊசியின் பலனைப் போட்டவரின் பெயரில் பதியுங்கள். பொறுப்புக் கையளிக்கும்போது மேசை, மோட்டார் சைக்கிள், கொள்கலன் என்று கையெழுத்து வாங்குகிறோம் அல்லவா, அதோடு பரிசோதனைக்குக் காத்திருக்கும் மாடுகளின் பட்டியலையும் சேர்த்துக் கையளிக்கச் சொல்லுங்கள்.

தொடங்குவதற்கு ஆண்டு பிறக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு முன் போட்ட ஊசிகளின் பக்கத்தை இன்றைக்கே திறந்து, ஒவ்வொரு மூன்றாவது பெயருக்கும் தொலைபேசி எடுத்து மாடு எங்கே நிற்கிறது என்று கேளுங்கள், பிறகு வைத்தியரோடு போய்ப் பாருங்கள். அந்தப் பக்கத்தில் இருந்து வரும் எண் நிச்சயம் 108 ஆக இருக்காது. அதை அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லாமல் பிரிவின் மொத்தமாக மட்டும் வையுங்கள். ஆள்வாரியாகப் பிரிப்பதை, நேர நிரல் ஒரு காலாண்டாவது ஒழுங்காக நிரம்பிய பிறகு செய்யலாம்.